விடிய விடிய ஒரு கணக்கு

திருத்தணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மலையும் படிகளும்தான் நினைவுக்கு வரும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டம், பம்பைச் சத்தம், டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் நடக்கும் பூஜை. மலையை விட்டு இறங்கிச் சுற்றுவட்டார ஊர்களுக்குள் போனால் வேறொரு நாள்காட்டி ஓடிக்கொண்டிருக்கும். அது திரௌபதி அம்மன் கோயில்களின் நாள்காட்டி. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போனாலும் தருமராஜா கோயில்களில் இதே வரிசைதான். அங்கே பகலில் ஹரிகதை, இரவில் வீதிநாடகம், மொழி மட்டும் தெலுங்கு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கூத்து அந்த எல்லைக்கோட்டை அன்றும் மதிக்கவில்லை, இன்றும் மதிப்பதில்லை.

இந்த வட்டாரத்தில் ஒரு நாட்டுப்புறக் கலையைப் பயிலரங்கும் நிகழ்ச்சியுமாக நடத்தி, அதையே சிறுதொழிலாகவும் வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்பவர் முதலில் தெற்கே காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே கட்டைக்கூத்துச் சங்கம் 1990 முதல் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்த விடைகள் சில இனிப்பு, சில கசப்பு.

சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பெ. ராஜகோபால். காஞ்சிபுரத்தை அடுத்த பெருங்கட்டூரின் கூத்துக் குடும்பத்துப் பிள்ளை. தந்தை பொன்னுசாமி பெயரால் நடந்த நாடக மன்றத்தில் வளர்ந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, பத்து வயதில் ஆட்டத்துக்கு வந்துவிட்டார். 1960களில் அந்தத் தலைமுறைக்குப் பயிலரங்கு என்று ஒன்று கிடையாது, பாடத்திட்டமும் கிடையாது. பையன் செட்டோடு போவான். பின்பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்குவான். விழித்திருக்கும் நேரத்தில் பல்லவியைக் கூடவே பாடுவான். ஒரே நாடகத்தை ஐம்பது ராத்திரி அரைத்தூக்கத்தில் கேட்டவனுக்குப் பாட்டு காதில் ஏறிவிடும். பிறகு ஒருநாள் யாருக்கோ காய்ச்சல் வரும், அன்று அவன் முகத்தில் அரிதாரம் ஏறும்.

அன்றைய ஆட்டக்களம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்துக்கு முதலில் தீவட்டி, பிறகு பெட்ரோமாக்ஸ். மைக் இல்லை. கூட்டத்தின் கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டும் என்பதால் சுருதி உச்சத்தில் இருக்கும். தொண்டையைக் கிழிப்பதுபோல் பாடுகிறார்கள் என்று பட்டணத்துக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் மைக் இல்லாத வயல்வெளியில் வேறு எப்படிப் பாடுவது? அந்த உச்சச் சுருதிக்கு ஈடு கொடுத்து மேலேறிப் போகும் ஒரே வாத்தியம் முகவீணை. ஒரு முழத்துக்கும் குறைவான அந்தக் குழலின் ஓசைதான் அடுத்த ஊருக்குக் கூத்து இருக்கிறது என்று சேதி சொல்லும்.

வேஷக் கட்டைகளும் அப்படி அமைந்தவைதான். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைபோல எடை குறைந்த மரத்தில் செதுக்கி, ஜரிகைத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. துரியோதனனும் கர்ணனும் அவற்றைக் கட்டிக்கொண்டு விடியும்வரை ஆட வேண்டும், கிறுக்கி அடிக்க வேண்டும். கனத்த மரமாக இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே தோள் விட்டுப்போகும். கண்ணாடித் துண்டுகள் அழகுக்கு மட்டும் ஒட்டியவை அல்ல, மங்கிய வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பவை. சீரியல் விளக்கும் எல்.இ.டி.யும் வந்த பிறகு அந்தக் கண்ணாடிக்கு வேலை குறைந்துவிட்டது. பழக்கத்தால் இன்னும் ஒட்டுகிறார்கள்.

வெளிச்சமும் மைக்கும் மாறியதை எல்லாரும் கவனிக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய மாற்றம் பணத்தின் வழியில் நடந்ததாகப் படுகிறது. முன்பு குறிப்பிட்ட ஊரில் கூத்தாடுவது குறிப்பிட்ட குடும்பங்களின் உரிமை. உரிமை என்பது பாதி, கட்டாயம் என்பது மீதி. அறுவடையில் நெல் அளப்பார்கள். வராவிட்டால் ஊர் கேள்வி கேட்கும். பிறகு அது ஒப்பந்தமாயிற்று. ஊர்ப்பெரியவர்கள் வந்து வெற்றிலைபாக்கு வைத்து முன்பணம் கொடுத்து, எந்தத் தேதி, எந்த நாடகம் என்று பேசிப் போவார்கள். சாதிக் கட்டாயம் தளர்ந்தது நல்லதுதான். கூடவே ‘இந்த ஊர் நம்முடையது’ என்ற உறுதியும் போயிற்று. ஒவ்வொரு ராத்திரியையும் தனித்தனியே விற்க வேண்டிய காலம் வந்தது.

ஒரு ராத்திரியின் கணக்கை உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்கு ஓடும் விதம் இதுதான். ஊர் 40,000 ரூபாய் பேசுகிறது என்று வையுங்கள். மைக்கும் லைட்டும் ஊர்ப் பொறுப்பு. வேனுக்கு 5,000, அரிதாரம் முதலான சில்லறைச் செலவுக்கு 2,000, பேசி முடித்துக் கொடுத்தவருக்கு 4,000 போனால் மிச்சம் 29,000. அதைச் சம்பளமாகப் பிரிக்க மாட்டார்கள், பங்காகப் பிரிப்பார்கள். வாத்தியாருக்கு ஒன்றரைப் பங்கு. பெரிய வேஷம் கட்டும் ஐந்து பேருக்கு ஒவ்வொன்று. சின்ன வேஷக்காரர் மூவருக்கு முக்கால் முக்கால். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை நால்வருக்கும் ஒவ்வொன்று. கற்றுக்கொள்ள வந்த பையனுக்குக் கால் பங்கு. வேஷப்பெட்டி யாருடையதோ அவருக்குப் பெட்டிக்கென்று ஒன்றரைப் பங்கு. மொத்தம் பதினான்கரைப் பங்கு. ஒரு பங்கு 2,000 ரூபாய், பையனுக்கு 500.

இந்தப் பங்கு முறைக்குள்ளேயே ஒரு கல்வித் திட்டம் ஒளிந்திருப்பதைப் பாருங்கள். பையன் கற்றுக்கொள்கிறான், கூடவே கொஞ்சம் சம்பாதிக்கிறான். அடவும் பாட்டும் கூடக் கூடப் பங்கும் கூடும். அவனுக்குக் கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் இந்தப் பள்ளிக்கு ஒரு விலை இருந்தது. படிப்பு. ராத்திரி முழுக்க ஆடியவன் காலையில் வகுப்பில் உட்கார முடியாது. ராஜகோபால் தலைமுறைக்கு அது குறையாகத் தெரிந்திருந்தாலும் தவிர்க்க முடிந்திருக்காது. அடுத்த தலைமுறைப் பெற்றோர் அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை. கூத்துக்கு ஊர்கள் பாக்கு வைப்பது நிற்கவில்லை. பின்பாட்டுக்குப் பின்னால் தூங்கப் பையன்கள் வருவதுதான் நின்றது. கூத்து அழிகிறது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்கள் குறைந்ததைச் சொல்வார்கள். வட தமிழகத்தில் அந்தக் காரணம் முழுதாகப் பொருந்தாது.

சங்கம் கைவைத்தது அந்த இடத்தில்தான். 2002இல் காஞ்சிபுரத்துக்கு அருகில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கியது. ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி ப்ரூயினும் நடத்தினார்கள். நெதர்லாந்துக்காரரான ஹன்னே, கூத்தை ஆராய வந்து லைடன் பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றியே முனைவர் பட்டம் பெற்றவர். பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். பள்ளிப்படிப்பும் உண்டு, கூத்துப் பயிற்சியும் உண்டு. கால் பங்குப் பையன் வேஷத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த நிலையை மாற்றுவதே ஏற்பாட்டின் கரு.

இன்னொன்றும் அங்கே நடந்தது. பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். கூத்தில் திரௌபதி, பொன்னுருவி, சுபத்திரை எல்லாம் ஆண்கள் கட்டிய வேஷம்தான். ராத்திரி முழுக்க ஊர் ஊராகப் போகும் தொழிலில் பெண்ணுக்கு இடமில்லை என்பது எழுதாத விதி. குருகுலத்துப் பெண்கள் பெண் வேஷம் மட்டுமல்ல, கட்டை வேஷமும் கட்டினார்கள். துரியோதனனாகத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். பிறகு பெண்களே ஆடும் குழுவும் உருவானது.

கசப்பான பக்கமும் உண்டு. பெண் கற்றுக்கொள்வதற்கான தடையைக் கடந்தாயிற்று, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ஆடுவது வேறு கதை. புகுந்த வீட்டின் அனுமதி, கைக்குழந்தை, விடிந்த பிறகு வேனில் திரும்பும் பயணம், உடை மாற்ற மறைவிடம் இல்லாத ஊர்கள். பத்து ஆண்டு பயின்ற கலைஞர் ஒரே முகூர்த்தத்தில் மேடையை விட்டுப் போவார். பயிற்சிக்குப் போட்ட உழைப்பை இப்படி இழக்கும் தொழில் எதுவும் லாபக் கணக்கில் நிற்காது. குருகுலம் 2020இல் மூடப்பட்டது. தங்குமிடம், சாப்பாடு, ஆசிரியர் சம்பளம் எல்லாம் சேர்ந்த ஒரு பள்ளியை நிகழ்ச்சி வருமானத்தில் நடத்த முடியாது என்பதை அந்தப் பதினெட்டு ஆண்டுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அதே ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து, பங்குனி தொடங்கிச் சூடுபிடிக்க வேண்டிய பருவத்தையே விழுங்கியது. பாக்கு வைத்த ராத்திரிகள் எல்லாம் ரத்து.

சென்னைப் பக்கத்துக்கு ஒரு வழி புரிசை கிராமத்திலிருந்து பிறந்தது. புரிசைத் தம்பிரான்களின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கிய ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நவீன நாடகத்துக்கு அது பெரிய கொடை. அங்கே பயின்ற பலர் பிறகு சினிமாவில் பெயர் பெற்றார்கள். ஆனால் அந்தப் பயிற்சியால் புரிசைக்கு ஒரு மிருதங்கக்காரர் கூடியிருப்பார் என்று நினைக்க வேண்டாம். கூத்திலிருந்து எடுத்துக்கொள்வது வேறு, கூத்துக்கு ஆள் சேர்ப்பது வேறு. பயிலரங்கு நடத்துகிறவர் எதைச் செய்கிறோம் என்று முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாடம் இருக்கிறது. தர்மாவரத்துக்குப் பக்கத்து நிம்மலகுண்டாவில் தோல்பாவைக் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே தலவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ஊரில் பாவை ஆட்டம் குறைந்து பாவைத் தோல் விளக்குகள் பெருகின. ஆட்டுத்தோலை ஊறவைத்துச் சுரண்டிக் காயவைத்து, உளியால் துளையிட்டு, வண்ணம் தீட்டும் கை அப்படியே இருக்கிறது. ராமனும் அனுமனும் இப்போது மேசை விளக்கின் கூண்டில் நிற்கிறார்கள். கலையின் ஒரு பாதியாவது சோறு போடுகிறது. கூத்துக்கு அந்த வசதி இல்லை. ராத்திரியைத் தவிர விற்பதற்கு அதனிடம் வேறு பண்டம் இல்லை. புஜக்கட்டையை வரவேற்பறையில் மாட்ட வாங்குகிறவர் ஒருவர் இருவர்தான்.

ஆகவே ராத்திரியைச் சுருக்கி விற்கலாம் என்று தோன்றும். கல்லூரி விழாவுக்கு ஒரு மணி நேரம், நிறுவனக் கூட்டத்துக்கு இருபது நிமிடம். சங்கமும் குறுகிய நாடகங்களைச் செய்திருக்கிறது. கர்நாடக இசைக்காரர்கள் சங்கீதா சிவகுமார், டி.எம். கிருஷ்ணா ஆகியோரோடு ஒரே மேடையில் நிகழ்த்தியும் இருக்கிறது. சுருக்குவதில் தப்பில்லை. எது போகிறது என்பது தெரிந்து சுருக்க வேண்டும். முழு ராத்திரிக் கூத்தில் மேளக்கட்டு முடிந்து, விநாயகர் துதி, கட்டியக்காரன் எல்லாம் ஆகி, பெரிய வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்பதற்கே நள்ளிரவு நெருங்கிவிடும். இருவர் பிடித்த துணித் திரைக்குப் பின்னால் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், சலங்கை கேட்கும். திரை விலகப் போகும்போது மறுபடி மூடும். இந்த இழுபறிக்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் திரை இரண்டு நிமிடத்தில் விலகிவிடும், வந்து நிற்பவர் வேஷம் கட்டிய ஆள், அவ்வளவுதான்.

பயிலரங்கில் சொல்லிக்கொடுக்க முடிந்தவை தெளிவானவை. தாளம், சில அடவு, கிறுக்கி, ஒரு பாட்டு, முகத்தில் வண்ணம் பூசும் முறை. ஐந்து நாளில் நகரத்துப் பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொள்வார்கள். பிடிபடாதது வசனம். கூத்தில் பாட்டு எழுதிய பாட்டு, வசனம் பெரும்பாலும் அன்றைக்குப் பிறப்பது. கர்ணன் பொன்னுருவியிடம் பேசும் இடத்தில் அந்த ஊர் ஏரி வற்றியது நுழையும், முன்வரிசைக் கிழவியின் பெயர் நுழையும். இதற்குப் பாட்டின் பொருளும் கதையின் கிளைகளும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுமளவு உள்ளே இருக்க வேண்டும். ஒரு செட்டு தேறியதா என்று பார்க்க நான் மூன்று மணிக்கு மேல்தான் களத்துக்குப் போவேன். கட்டியக்காரன் இரட்டை அர்த்தத்திலேயே நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தால், பெரிய வேஷக்காரர் அடுத்த ஊரிலும் பாக்கு வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

படுகளம் பார்த்தவர்களுக்கு ராத்திரியின் நீளம் ஏன் தேவை என்று விளக்க வேண்டாம். ஊர்த் திடலில் பிரம்மாண்டமான மண் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். இரவு முழுக்க பதினெட்டாம் போர் ஆடிய பீமனும் துரியோதனனும் தூங்காமல், வேஷம் கலைக்காமல், வெயிலில் அங்கே வருவார்கள். தொடையில் அடி விழுந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். களைப்பில் கலங்கிய அந்தக் கண்களை எந்த அரங்கத்திலும் ஒத்திகை பார்த்து வரவழைக்க முடியாது. அர்ஜுனன் தபசில் உயரக் கம்பத்தில் ஏறுபவர் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் எறிவார். பிள்ளை வரம் கேட்டு நிற்கும் பெண்கள் மடி ஏந்துவார்கள். இவர்களும் பார்வையாளர்கள்தான். டிக்கெட் வாங்காதவர்கள். ஆனால் கோயில் வரி கட்டியவர்கள், பணம் அந்த வழியில் வருகிறது.

திருத்தணிப் பக்கத்தில் ஒருவர் இதைத் தொழிலாக எடுக்க நினைத்தால் கணக்கு இப்படித்தான் நிற்கும். பங்குனி முதல் ஆடி வரை பாக்குப் பருவம். அந்த மாதங்களில் பயிலரங்கு வைக்கக் கூடாது. ஒரு பள்ளிக்கூடம் முகவீணைக்காரரை ஒரு நாளைக்கு 3,000 ரூபாய்க்குக் கூப்பிட்டால் அவருக்கு ஒரு பங்கைவிட 1,000 ரூபாய் லாபம். அவர் இல்லாமல் செட்டு ஆட முடியாவிட்டால் மற்ற பதின்மூன்று பேருக்கும் அன்று பட்டினி. ஒருவருடைய லாபம் செட்டின் 29,000 ரூபாயைக் கொண்டுபோய்விடும். பயிலரங்கால் செட்டுகள் உடைவது இந்த இடத்தில்தான். ஆடி கழிந்த பிறகு, மழைக்காலமும் மார்கழியும் சேர்ந்த வெற்று மாதங்களில் அதே பயிலரங்கு உயிர் காக்கும். வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் கலைஞர்கள் அடுத்த பருவத்துக்கான முன்பணத்தை அப்போதே வாங்கி, அதனாலேயே ஒரு செட்டோடு கட்டுண்டு போகிறார்கள். இருபது நாள் பயிலரங்கு வருமானம் அந்தக் கடனில் பாதியைக் குறைத்தாலே கலைஞருக்குப் பேரம் பேச வாய் கிடைக்கும்.

யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதிலும் பயிலரங்குக்காரர்கள் வழக்கமாகத் தப்பு செய்கிறார்கள். எல்லாரும் வேஷம் கட்ட ஆள் தேடுகிறார்கள். வேஷத்துக்கு ஆள் கிடைக்கும், யூடியூப்பில் முழு ராத்திரி ஆட்டமும் கிடக்கிறது, பார்த்துப் பழகலாம். அருகிப்போனது முகவீணை. பல செட்டுகள் அது இல்லாமல் ஆர்மோனியத்தை வைத்து ஒப்பேற்றுகின்றன, சில கீபோர்டுக்குப் போய்விட்டன. மைக் இருப்பதால் ஓசை எட்டாதே என்ற பயமும் போயிற்று. ஆனால் பாட்டின் முடிவைப் பிடித்துக்கொண்டு ஆட்டக்காரரை அடுத்த சுற்றுக்குத் தூக்கிவிடும் வேலையைக் கீபோர்டு செய்வதில்லை. மூச்சுக் கருவியைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குச் சீவாளி உதட்டில் நிற்கவே மாதங்கள் ஆகும், ஐந்து நாள் பயிலரங்கில் முடியாது. திருத்தணி கோயில் ஊர், நாதஸ்வரம் பழகுகிறவர்கள் உண்டு, சீவாளி பழகிய உதடு அவர்களிடம் இருக்கிறது. கூத்து மெட்டுகளும் முழு ராத்திரி மூச்சும் மட்டும் மிச்சம். தொழில் தொடங்குகிறவர் முதல் ஆண்டு இரண்டு நாதஸ்வரப் பையன்களைக் கால் பங்குக்கு ஒரு நல்ல செட்டோடு அனுப்பட்டும். வேஷப் பெட்டியை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.